ஏழாவது கிண்ணத்தில் ஒரு வாய்

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துச் சமையலறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டரிலிருந்து தரை துடைக்கும் பெண் வரைக்கும் அவள் ‘அளவக்கா’. நோயாளிகளின் கஞ்சியையும் பாலையும் மசித்த உருளைக்கிழங்கையும் அளந்து கிண்ணத்தில் ஊற்றுவது அவள் வேலை. சாப்பிட்டு முடித்த கிண்ணம் திரும்பி வந்ததும், மிச்சம் எவ்வளவு என்று தராசில் நிறுத்துச் சீட்டில் எழுதுவதும் அவள் வேலைதான்.

பதினொரு வருஷமாக எச்சில் கிண்ணங்களைப் பார்த்துப் பார்த்து, அவற்றைக் கடிதம் மாதிரி வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். ஓரத்தில் மட்டும் தொட்டிருந்தால் வாயில் புண். நடுவில் ஒரு குழி விழுந்திருந்தால், யாரோ வற்புறுத்தி ஒரு வாய் ஊட்டியிருக்கிறார்கள், அதோடு சண்டை. மேலே ஆடை படிந்து அப்படியே வந்தால், அந்தக் கட்டிலில் யாரோ அழுதுகொண்டிருக்கிறார்கள். “கைரேகை பாக்கிறவங்க மாதிரி நீங்க கிண்ணரேகை பாக்கறீங்கக்கா, எனக்கு எப்ப கல்யாணம்னு சொல்லுங்க” என்று சமையற்காரர் கேலி செய்வார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, பேரன் எடுத்தவர்.

அவள் சிரிப்பாள். ஆனால் ஒரு வகைக் கிண்ணத்தைக் கண்டால் மட்டும் அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிவிடும். துளி மிச்சமில்லாமல், நக்கித் துடைத்து, கழுவியதுபோல் பளபளவென்று திரும்பி வரும் கிண்ணம். சமையலறையில் மற்றவர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். அளவக்காவுக்கு மட்டும் அதன் பளபளப்பில் ஒரு முகம் தெரியும்.

அது அவள் தம்பியின் முகம்.

*

மேல்மாடியில் பெண்கள் வார்டு ஒன்று இருந்தது. ஆறே கட்டில்கள். உணவுக்குழாய், வயிறு சம்பந்தப்பட்டவர்கள்தான் அங்கே படுத்திருப்பார்கள். ஒரு வியாழக்கிழமை, ஆறாம் கட்டிலுக்கு ஒரு தையல்காரி வந்து சேர்ந்தாள். இருபத்தேழு வயது. உடுப்புத் தைக்கும் பட்டறையில் காலர் வைப்பவள். ஐந்து மாதமாக உணவுக்குழாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, முதலில் சோறு இறங்கவில்லை, பிறகு ரொட்டி, பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீரே சொட்டுச் சொட்டாகத்தான். இங்கே குழாய் விட்டு அந்த இடுக்கை விரித்துவிட்டார்கள். அரைமணி நேர வேலை. வழி திறந்துவிட்டது.

ஆனால் எடை முப்பத்தொரு கிலோ. பார்க்கப் போன அளவக்கா கதவருகிலேயே நின்றுவிட்டாள். கன்னம் இரண்டும் உள்ளே போய், கண்கள் மட்டும் பெரிதாக, படுக்கை விரிப்பில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன உடுப்பு மாதிரி கிடந்தாள் அந்தப் பெண். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பருத்த அம்மாள், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். மாமியார்.

உணவுத் திட்டம் போடும் மேடம், அந்த அம்மாளிடம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வேளைக்கு ஐம்பது மில்லி பால்கஞ்சி, ஒரு நாளைக்கு ஆறு வேளை, அவ்வளவுதான். அதற்கு முன்னாலேயே வைட்டமின் ஊசி. தினமும் காலையில் ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் உப்புகள் சரியாக நின்றால்தான் அளவு ஏறும். மாமியார் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும், “வழி திறந்தாச்சு, இல்லையா? அப்புறம் ஏன் பூனைக்குட்டிக்கு ஊத்தற மாதிரி ஊத்தறீங்க?” என்றாள்.

மேடம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அன்று மாலை தள்ளுவண்டியோடு போன அளவக்காவை மாமியார் மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். மருமகள் இளைத்துக்கொண்டே போன ஐந்து மாதமும் தெருவே அவளைத்தான் பேசியதாம். மாமியார்க்காரி பட்டினி போட்டே பிள்ளையை உருக்குகிறாள் என்றார்களாம். கடையில் அவள் நின்றால் பேச்சு நின்றுவிடுமாம். மகனோ வெளியூரில் வண்டி ஓட்டுகிறவன், போனில் ஒரு நாள் அவனே, “அம்மா, அவளுக்குச் சாப்பாடு குடுக்கறீங்கதானே?” என்று கேட்டுவிட்டானாம்.

“பெத்த பையன் கேட்டாம்மா அந்தக் கேள்விய. இவள நான் சதை போட்டுத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். தெருவே பாக்கணும். பாத்துட்டு வாய மூடணும்.”

அளவக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, அது வேறெங்கும் இல்லை, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக் கண்ணாடியில்.

“அம்மா, அளவுக்கு மேல ஒரு ஸ்பூன் குடுக்காதீங்க. உங்க கால்ல விழுந்து கேக்கறேன்.”

“நான் என்ன பைத்தியமா?” என்றாள் மாமியார்.

*

தம்பிக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். அம்மா போன பிறகு அவளே அவனுக்கு அம்மா. வீட்டில் இருந்தது ஒரே தட்டு என்ற காலத்தில், முதலில் அவன் சாப்பிடுவான், பிறகு அவள். அவனுக்கு எவ்வளவு பசித்தாலும் தட்டின் ஓரத்தில் ஒரு வாய்ச் சோற்றை உருட்டி வைத்து, அதன் தலையில் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்குவான். ‘இது அக்காவுக்கு ஒரு வாய்’ என்பதற்கு அதுதான் முத்திரை. வளர்ந்து மீசை வந்த பிறகும், வீட்டில் ஆறு தட்டு வந்த பிறகும், அந்தப் பழக்கம் போகவில்லை. “கல்யாணம் ஆனா உன் பொண்டாட்டி என்னை அடிக்க வருவாடா” என்பாள் அவள். “அவளுக்கும் ஒரு வாய் வச்சுட்டாப் போச்சு” என்பான்.

இருபத்துநாலு வயதில் தூரத்துக் கல்லுடைக்கும் இடத்துக்கு வேலைக்குப் போனான். ஏழு மாதம் தகவல் இல்லை. அங்கே ஆட்களைப் பூட்டி வைத்து, அரை வயிற்றுக்கும் குறைவாகப் போட்டு வேலை வாங்கியிருக்கிறார்கள். நடுவில் காய்ச்சல் வேறு. எப்படியோ தப்பி, ஒரு மத்தியானம் வாசலில் வந்து நின்றான். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ பிச்சை கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சோறு எடுக்க உள்ளே போனாள். பின்னாலிருந்து “அக்கா” என்ற குரல் வந்தபோது கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்தது.

அன்றைக்கு அவள் கொண்டாடியதை என்னவென்று சொல்வது. சோறு, கறி, முட்டை, சர்க்கரை போட்ட பால், கடையிலிருந்து இனிப்பு. அவன் போதும் என்றாலும் விடவில்லை. இரண்டாம் நாள் எட்டு முறை சாப்பிட்டான். மூன்றாம் நாள் காலையில் அவன் பாதங்களைப் பார்த்தாள். குச்சி மாதிரி இருந்த கணுக்கால் புசுபுசுவென்று நிறைந்திருந்தது. அவள் பூரித்துப் போனாள்.

“சதை பிடிச்சிருச்சுடா” என்று அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, “அக்கா, நீ ரெண்டா தெரியற” என்று சிரித்தான். நெஞ்சில் ஏதோ குருவி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றான். தட்டைத் தள்ளி வைத்துச் சுவரில் சாய்ந்தான். தண்ணீர் எடுக்கப் போன அவள் திரும்பி வந்தபோது அவன் அப்படியே சாய்ந்திருந்தான்; கண் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. தட்டின் ஓரத்தில் ஒரு வாய்ச் சோறு. அதன் மேல் கட்டைவிரல் தடம்.

கண் பட்டுவிட்டது என்றார்கள். அவளும் நம்பினாள். ஊரைக் கூட்டிக் காட்டியதற்குத்தானே இந்தத் தண்டனை என்று நான்கு வருஷம் தன்னையே சபித்துக்கொண்டாள். பிறகு இந்தச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த மாதமே, நெடுநாள் பட்டினியில் வந்த ஒரு நோயாளிக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டபோது, மேடம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார்.

“பட்டினி கிடக்கிற உடம்பு, ஒவ்வொரு அறையா மூடிக்கிட்டே வர்ற வீடு மாதிரி. தன்னோட கொழுப்பையும் சதையையும் தானே எரிச்சு உயிரைக் காப்பாத்திக்குது. திடீர்னு சாப்பாடு போனா எல்லா அறையும் ஒரே நேரத்துல திறக்குது. சர்க்கரைய உள்ள இழுக்க இன்சுலின் பாயுது. அதுகூடவே ரத்தத்துல இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாத்தையும் அந்த அறைகள் இழுத்துக்குது. ரத்தம் வெறுமையாயிடும். நடுக்கூடத்துல இருக்கிற இதயத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது. தடுமாறும், நின்னும் போகலாம்.”

“எப்ப மேடம்?”

“பெரும்பாலும் முதல் நாலஞ்சு நாள்ல. உடம்புல தண்ணி தேங்கிக் கால் வீங்கும். பாக்கிறவங்க, ஆள் தேறிட்டான்னு நினைச்சுக்குவாங்க.”

அன்றைக்கு அளவக்கா பாத்திரம் கழுவும் தொட்டியருகில் போய் உட்கார்ந்தவள், விளக்கேற்றும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை. கண் படவில்லை. கை பட்டிருக்கிறது. தன் கை.

மேடம் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டபோது, அவளுக்குத் தெரியாமல் நடந்ததற்கு அவள் பொறுப்பில்லை என்று எவ்வளவோ சொன்னார். அளவக்கா கேட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவள் கரண்டி ஒரு துளி கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

*

சனிக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. ஞாயிறு, அதாவது தையல்காரிக்குக் கஞ்சி தொடங்கிய மூன்றாம் நாள், அளவக்கா வேலைக்கு வந்தபோதே சமையலறை என்னவோ போல் இருந்தது. வெளிச்சம் இருந்தது, ஆனால் சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி ஆட்கள்தான். குளிர்ப்பெட்டி மட்டும் உறுமி உறுமி நின்றது. ஒவ்வொரு முறை அது நிற்கும்போதும், தள்ளுவண்டியில் அடுக்கிய கிண்ணங்களில் ஒன்று லேசாக ‘டிங்’ என்றது. யாரோ நகத்தால் சுண்டியதுபோல்.

பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் வார்டுக்கு ஆறு கிண்ணம் அனுப்பினாள். ஒன்று முதல் ஆறு வரை மூடியில் கட்டில் எண் பொறித்த கிண்ணங்கள்.

இரண்டரை மணிக்கு மின்தூக்கி தானாகக் கீழே இறங்கி வந்தது. கதவு திறந்தது. உள்ளே ஆள் இல்லை. வண்டி மட்டும் நின்றது. வார்டுப் பணியாளர் வண்டியை ஏற்றிப் பொத்தானை அமுக்கிவிட்டுப் போவது வழக்கம்தான்.

வண்டியை இழுத்தாள். முதல் மூடியைத் திறந்தாள். கிண்ணம் சுத்தம். இரண்டாவது, சுத்தம். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. துளிகூட இல்லை. ஆறும் கழுவித் துடைத்ததுபோல் பளபளத்தன. அவளுடைய முகம் ஆறு முறை அவளைப் பார்த்தது.

ஒரு வார்டில் ஆறு கட்டிலும் ஒரே நாளில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவதென்பது பதினொரு வருஷத்தில் நடக்காதது. அதிலும் இரண்டாம் கட்டில்காரி மூன்று நாளாகக் கஞ்சியைக் கண்டாலே குமட்டுகிறவள். நேற்றைய சீட்டைத் தேடி எடுத்தாள். அவளுக்குப் பதிலாக வந்தவர் மத்தியானத்துக்கும் மாலைக்கும் ‘எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், மிச்சம் இல்லை’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தார்.

அப்போதுதான் வண்டியின் கீழ்த்தட்டைப் பார்த்தாள். அங்கே ஏழாவதாக ஒரு கிண்ணம் இருந்தது.

அவள் அனுப்பியது ஆறு. இது பழைய கிண்ணம். மூடியில் எண் தேய்ந்து போயிருந்தது. குனிந்து எடுத்தாள். இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. மூடியைத் திறந்தாள்.

ஓரத்தில் ஒரு வாய் உருளைக்கிழங்கு, உருட்டி வைத்திருந்தது. அதன் தலையில் கட்டைவிரல் தடம்.

குளிர்ப்பெட்டி நின்றது. ‘டிங்.’

அளவக்கா கத்தவில்லை. கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறினாள். நான்கு மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் தனக்கு முன்னால் ஒரு ஜோடி வெறுங்கால் ஏறிப் போவதுபோல் படியில் சத்தம் கேட்டது. நின்றால் அதுவும் நின்றது. அது தன் காலடியின் எதிரொலிதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஏறினாள்.

*

மத்தியான வார்டு தூங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறிகள் மட்டும் சுற்றின. பணி மாறும் நேரம். நர்ஸ்கள் கடைசி அறையில் கணக்கு ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தது. உடுப்பு மாற்றுகிறார்கள் என்றால் திரை போடுவார்கள். யாரும் விலக்க மாட்டார்கள். திரைக்கு உள்ளேயிருந்து, பாத்திரத்தில் ஸ்பூன் சுரண்டுகிற சத்தம் வந்தது. சுரண்டல், நிறுத்தம், சுரண்டல்.

திரையை விலக்கினாள்.

மாமியார் கையில் ஒரு குவளை, அதில் சர்க்கரை போட்டுக் குழைத்த கஞ்சி. ஐந்து கட்டிலிலும் தின்னாமல் வைத்ததையெல்லாம் கேட்டு வாங்கி, வழித்துச் சேர்த்துவைத்தது. பக்கத்து ஆண்கள் வார்டில் ஒரு பெரியவர் தொடாமல் வைத்த உருளைக்கிழங்குக் கிண்ணத்தையும் எடுத்து வந்திருக்கிறாள். இரண்டு நாளாக இதே வேலை. எதுவும் வீணாகவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

அளவக்காவைக் கண்டதும் முதலில் குற்றவாளி மாதிரி விழித்தாள். அடுத்த கணமே முகம் மலர்ந்துவிட்டது. விரிப்பை விலக்கி மருமகளின் காலைக் காட்டினாள்.

“கோவிச்சுக்காதம்மா. இதப் பாரு. ரெண்டே நாள்ல சதை பிடிச்சிருச்சு.”

அந்த வார்த்தை. அதே வார்த்தை, அதே பூரிப்பு. பதினைந்து வருஷம் ஒரு நொடியில் மடிந்து, அவளுக்கு அவள் வீட்டுச் சுவர் தெரிந்தது.

குனிந்து அந்தக் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். விரலை எடுத்தாள். குழி விழுந்தது. குழி நிரம்பவில்லை. மாவில் வைத்த தடம் மாதிரி அப்படியே நின்றது.

“இது சதை இல்லம்மா, தண்ணி. சதைன்னா குழி நிக்காது” என்றாள் அளவக்கா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

தையல்காரி மூச்சை மேல்மேலாக வாங்கிக்கொண்டிருந்தாள். கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளின. ஆனாலும் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்து, பழக்கமான ஒருவரிடம் பேசுவதுபோல் மெல்லப் பேசினாள்.

“வச்சுட்டேன். உங்கக்காவுக்குத்தான் ஒரு வாய் வச்சுட்டேனே. இன்னும் ஏன் நிக்கறீங்க?”

கால்மாட்டில் யாரும் இல்லை.

அளவக்காவுக்குத் திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கப் பயமாகவும் இருந்தது. பார்க்காமலே கடைசி அறைக்கு ஓடினாள்.

“சிஸ்டர், ஆறாம் கட்டில். அளவுக்கு நாலு மடங்கு உள்ள போயிருக்கு, ரெண்டு நாளா. கால்ல குழி விழுது. கண்ணு ஆடுது. டாக்டரைக் கூப்பிடுங்க.”

மூத்த நர்ஸ் ஏட்டை மூடிவிட்டுக் கட்டிலுக்கு ஓடி வந்தாள். நாடியைப் பிடித்தாள், நூற்று முப்பதுக்கு மேல் ஓடியது, ஓட்டத்தில் தாளமில்லை, நடுநடுவே தடுக்கியது. டாக்டர் வந்தார். நெஞ்சில் கம்பிகள் ஒட்டினார்கள். ரத்தம் எடுத்து ஆளோடு ஓடவிட்டார்கள். அன்று காலை எடுத்த ரத்தத்திலேயே பாஸ்பேட் இறங்கத் தொடங்கியிருந்தது. இவ்வளவு குறைந்த கஞ்சிக்கு இவ்வளவு ஏன் இறங்குகிறது என்று புரியாமல், மருந்துக்கு எழுதிவிட்டு மாலையில் மறுபடி பார்க்கலாம் என்றிருந்தார் டாக்டர். இப்போது வந்த முடிவில் அது பாதாளத்துக்குப் போயிருந்தது. பொட்டாசியமும் மெக்னீசியமும் கூடவே.

உணவை அப்போதைக்கு நிறுத்தினார்கள். வைட்டமின் ஊசியைப் பெரிய அளவில், நரம்பு வழியாக முதலில் ஏற்றினார்கள். உப்புகளை மெல்ல மெல்ல, மணிக்கணக்கில் சொட்டவிட்டார்கள். அதையும் அவசரமாக ஏற்றக்கூடாது. அவசரப்பட்டால் அதுவே இதயத்தை நிறுத்தும். கட்டிலோடு தள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சை அறைக்குப் போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

*

கதவுக்கு வெளியே மாமியார் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் அந்தக் குவளையை இன்னும் பிடித்திருந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை போல.

“தெருவுல சொன்னாங்க, பட்டினி போட்டுக் கொன்னுடுவேன்னு. நான் ஊட்டிக் கொன்னுட்டேனா?”

அளவக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தக் கேள்வியை அவள் பதினொரு வருஷம் பாத்திரம் கழுவும் தொட்டியிடம் கேட்டிருக்கிறாள். மேடம் சொன்ன ஆறுதல் எதுவும் அவளுக்கு அப்போது நினைவு வரவில்லை. மேடத்தைத் தவிர யாருக்கும் சொல்லாத தம்பியின் கதையைச் சொன்னாள். கணுக்காலைக் கூப்பிட்டுக் காட்டியது வரைக்கும், எதையும் மறைக்காமல். சொல்லி முடித்தபோது மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்திருந்தாள்.

“உனக்கு யாரும் சொல்லலியேம்மா. எனக்குச் சொன்னாங்களே. நீயே சொன்னியே.”

“சொன்னோம். ஆனா உங்க காதுல தெருதான் கேட்டுட்டு இருந்துச்சு.”

சாயங்காலம் வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். கதவின் கண்ணாடி வழியே இதயம் காட்டும் பச்சைக்கோடு தெரிந்தது. அது தடுக்கும் ஒவ்வொரு முறையும் மாமியாரின் விரல்கள் அளவக்காவின் மணிக்கட்டை இறுக்கின. ஒரு முறை கோடு நீளமாகத் தாழ்ந்து, அவர்கள் இருவரும் எழுந்தே விட்டார்கள். பிறகு அது ஏறியது. விளக்குகள் போடும் நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். ஓட்டம் குறைகிறது, உப்பு ஏறுகிறது, பிழைத்துவிடுவாள் என்று நினைக்கிறேன், ஆனால் இன்னும் நான்கு நாள் எதுவும் உறுதியில்லை என்றார். இன்னும் ஒருநாள் தாமதமாகத் தெரிந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை என்றும் சொன்னார்.

“எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?” என்று மூத்த நர்ஸ் கேட்டாள்.

“கிண்ணம் சொல்லுச்சு” என்றாள் அளவக்கா. அது பொய்யில்லை.

*

மூன்றாம் நாள் தையல்காரிக்கு நினைவு தெளிந்தது. கண் ஆட்டம் நின்றது. மறுபடியும் கஞ்சி தொடங்கினார்கள், இந்த முறை முப்பது மில்லியிலிருந்து. அளவக்கா தானே எடுத்துப் போனாள். மனசுக்குள் ஒரு கேள்வி முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது, கேட்டும் விட்டாள். அந்தக் கடைசிக் கிண்ணத்தில் ஏன் ஒரு வாய் மிச்சம் வைத்தாய்?

தையல்காரி கொஞ்சம் வெட்கப்பட்டாள். குழப்பத்தில் ஏதேதோ தெரிந்தது என்று டாக்டர் சொன்னாராம். அவளும் அப்படித்தான் நினைக்கிறாளாம்.

“யாரோ ஒரு அண்ணன் கால்மாட்டுல நின்னாருக்கா. ஒல்லியா, மேலெல்லாம் கல்லுத்தூசி. அத்தை ஊட்ட ஊட்ட, போதும் போதும்னு தலையாட்டினாரு. கடைசியா, எங்கக்காவுக்கு ஒரு வாய் வை, அவ வந்துடுவான்னாரு. எப்படி வைக்கணும்னு கட்டைவிரலால காமிச்சாரு.”

டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். வைட்டமின் குறைந்த மூளைக்கு இல்லாததெல்லாம் தெரியும் என்று மேடமும் சொல்லியிருக்கிறார். ஆனால் கல்லுத்தூசியைப் பற்றி அளவக்கா இந்தக் கட்டிலருகில் ஒருபோதும் பேசியதில்லை. முப்பது மில்லியையும் ஒரு துளி சிந்தாமல் ஊட்டி முடித்தாள்.

அதற்குப் பிறகு நாட்கள் ஸ்பூன் ஸ்பூனாகத்தான் நகர்ந்தன. காலையில் ரத்தம், மத்தியானம் முடிவு, முடிவு சரியென்றால் மறுநாள் கொஞ்சம் கூடுதல். சரியில்லை என்றால் அதே அளவு. ஐம்பது, எழுபது, மறுபடி எழுபது, நூறு. மாமியார் இப்போது ஒரு அளவுக் குவளையை முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தாள். பக்கத்துக் கட்டில்காரியின் உறவுப்பெண் பாசத்தோடு ஒரு பழத்துண்டை நீட்டியபோது, வேலிக்குள் வந்த மாட்டை விரட்டுவதுபோல் விரட்டினாள். கால் வீக்கம் வடிந்து கணுக்கால் மறுபடியும் குச்சியானபோது அவள்தான் முதலில் சந்தோஷப்பட்டாள். மகன் போனில், “சதை போட்டிருக்காளாம்மா?” என்று கேட்டதற்கு, “இன்னும் இல்லடா. மெதுவா போடுவா. எவன் கேட்டாலும் அப்படியே சொல்லு” என்றாளாம்.

அந்த நாட்கள் முழுக்க, மத்தியானம் இரண்டரைக்கு மின்தூக்கி ஆளில்லாமல் இறங்கும்போதெல்லாம் அளவக்கா எழுந்து நிற்பாள். கிண்ணங்களை எண்ணுவாள். ஆறுதான் வந்தன. கீழ்த்தட்டைக் குனிந்து பார்ப்பாள். வெறுமை.

இருபதாம் நாள் தையல்காரிக்கு முதன்முறையாக ஒரு முழுக் கிண்ணம் அனுமதித்தார்கள். எடை முப்பத்துநான்கு. மறுநாள் வீட்டுக்கு. அன்று மத்தியானம் வண்டி வந்ததும் ஆறாம் கிண்ணத்தின் மூடியைத் திறந்த அளவக்கா அப்படியே நின்றுவிட்டாள். ஓரத்தில் ஒரு வாய் மிச்சம்.

கிண்ணத்தோடு மேலே போனாள். தையல்காரி உட்கார்ந்து, மாமியாரின் கிழிந்த பைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

“யார் சொல்லி வச்சம்மா இத?”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கால்மாட்டையும் ஒரு தரம் பார்த்தாள்.

“யாரும் சொல்லலக்கா. இப்பல்லாம் யாரும் வர்றதில்ல. வயிறு நிறைஞ்சிடுச்சு, அவ்வளவுதான்.”

அளவக்கா கீழே இறங்கி வந்தாள். அந்த ஒரு வாயை மறுபடி பார்த்தாள். சும்மா சாய்ந்து கிடந்தது. கட்டைவிரல் தடம் இல்லை. தராசில் வைத்தாள்; பன்னிரண்டு கிராம். சீட்டில் எழுதினாள். குளிர்ப்பெட்டி உறுமி நின்றது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தாள். எந்தக் கிண்ணமும் ஒலிக்கவில்லை.

பிறகுதான் அவள், பதினைந்து வருஷத்தில் முதன்முறையாக, தம்பி செத்துப்போனான் என்று அழுதாள்.